கடைசி டியூ கட்டியாயிற்று: ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கார் கடனின் கடைசித் தவணை வங்கிக் கணக்கிலிருந்து கழிந்த அன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அந்தச் செய்தி போவதே இல்லை. நீங்கள் எத்தனை தவணை கட்டினீர்கள், எப்போது முடித்தீர்கள் என்பது அவர்கள் பதிவேட்டில் கிடையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு வரி: இந்த வண்டி இன்ன வங்கிக்கு ஹைப்பாதிகேஷனில், அதாவது கடனுக்கு ஈடாக, இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி யாராவது முறைப்படி கேட்கும்வரை அந்த வரி அப்படியேதான் இருக்கும், வண்டி பழசாகி இரும்புக்குப் போகிற நாள் வந்தாலும்.

யார் கேட்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றைக் காட்டினால் பதிவு அதிகாரி அந்தக் குறிப்பை ரத்து செய்யலாம் என்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 61ஆம் விதி, விண்ணப்பம் படிவம் 35இல் இருக்க வேண்டும், அதில் வண்டியின் உரிமையாளரும் கடன் கொடுத்தவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும், ஆர்.சி.யும் கட்டணமும் சேர வேண்டும் என்கிறது. பேச்சு வழக்கில் நாம் ‘ஹெச்.பி. கேன்சல்’ என்று சொல்லும் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை பேர் அலைகிறார்கள்? என் அனுபவத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றுபோகும் மனுக்களின் பிரச்சினை பெரும்பாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொடங்குவதில்லை. வங்கி கொடுத்த தாளில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் வங்கிப் பக்கத்து வேலைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கான கார், தனிநபர் பெயரில் தமிழ்நாட்டில் பதிவானது, ஆர்.சி. கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில்: கடன் கணக்கு உண்மையிலேயே மூடப்பட்டதா?

கடைசித் தவணை போனதும் வங்கிச் செயலியில் பாக்கி பூஜ்ஜியம் என்று காட்டலாம். அது அசலும் வட்டியும் மட்டும். கடன் காலத்தில் எப்போதாவது தானியங்கிப் பற்று திரும்பியிருந்தால் அதற்கான பவுன்ஸ் கட்டணம், தாமத அபராதம் எல்லாம் தனித் தலைப்பில் உட்கார்ந்திருக்கும். தவணைப் பணத்திலிருந்து அவற்றைக் கழிக்க மாட்டார்கள். அதனால் ஐந்து வருடம் யாரும் கேட்காத தொகை, ஆட்சேபணை இல்லை என்ற சான்றான என்.ஓ.சி.யை வங்கியிடம் கேட்கிற அன்றுதான் வெளியே வரும்.

இதைத் தெரிந்துகொள்ளக் கடன் கணக்கின் முழு அறிக்கையைக் கேளுங்கள். வெறும் தவணை அட்டவணை போதாது. நிலுவையில் உள்ள இதரக் கட்டணங்களும் சேர்ந்த அறிக்கை வேண்டும். கட்டணம் நியாயமில்லை என்று தோன்றினால் தேதியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். உங்கள் கணக்கில் அன்று பணம் இருந்தும் பற்று திரும்பியிருந்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தொகை சிறியதாக இருந்து, தவறு நம்முடையதாகவும் இருந்தால், கட்டிவிட்டு ரசீது வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் கணக்கை மூடவிடாது. ஒன்று, கார் கடன் மேல் இடையில் வாங்கிய டாப்-அப் கடன். கார் கடன் முடிந்தாலும் டாப்-அப் முடியும்வரை அதே கார்தான் ஈடு. இன்னொன்று, அதே வங்கியில் உங்கள் பெயரில் வேறு கடன் நிலுவையில் விழுந்திருப்பது, அல்லது நீங்கள் ஜாமீன் போட்ட கடன் நிலுவையில் இருப்பது. கார் கடன் சுத்தமாக இருந்தும் இந்தக் காரணத்துக்காக என்.ஓ.சி.யை நிறுத்தி வைக்கிற வங்கிகள் உண்டு. ‘சிஸ்டத்தில் வரவில்லை சார்’ என்று மட்டும் பதில் வந்தால், பின்னால் இது இருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். எந்த ஒப்பந்த ஷரத்தின்படி நிறுத்துகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்கலாம்.

வங்கியிடமிருந்து என்னென்ன வாங்க வேண்டும்

அவசியமானவை இரண்டு: கடன் முடிந்தது, வங்கிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆர்.டி.ஓ.வுக்கு முகவரியிட்ட என்.ஓ.சி.; வங்கியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35. இவற்றோடு கணக்கு மூடியதற்கான கடிதத்தையும் வாங்கி வையுங்கள். அது ஆர்.டி.ஓ.வுக்கு அல்ல, உங்கள் கோப்புக்கு. பின்னால் கிரெடிட் அறிக்கையில் கடன் இன்னும் ஓடுவதாகக் காட்டினால் அதுதான் கைகொடுக்கும்.

கடன் கொடுத்தபோது பாதுகாப்புக்காக வாங்கிய காசோலைகள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். சில நிதி நிறுவனங்கள் காரின் இரண்டாவது சாவியைக்கூட வாங்கி வைத்திருக்கும். கேட்காவிட்டால் யாரும் தேடி எடுத்துத் தர மாட்டார்கள்.

என்.ஓ.சி.க்கு ஆயுள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தனை நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் கொடுக்க வேண்டும் என்று பல வங்கிகள் அந்தத் தாளிலேயே அச்சிட்டுவிடுகின்றன. 90 நாள் என்பது அடிக்கடி கண்ணில் படும் கணக்கு. அது கடந்துவிட்டால் திரும்ப வங்கிக்குப் போய்ப் புதுத் தேதியில் வாங்க வேண்டும், சில இடங்களில் கட்டணத்தோடு. என்.ஓ.சி.யை பீரோவில் பத்திரமாக வைப்பதில் ஒரு பயனும் இல்லை. வந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

தாளை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஆர்.சி.யை ஒரு கையிலும் என்.ஓ.சி.யை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஐந்து விஷயங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்: பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண், உரிமையாளர் பெயர், வங்கியின் பெயர். படிவம் 35இலும் இதே வேலை.

என் சித்தப்பாவின் காருக்கு வந்த தாளை உதாரணமாகச் சொல்கிறேன். 2019இல் வாங்கிய கார், ஐந்து வருடக் கடன், 60 தவணை. கடைசித் தவணை முடிந்து என்.ஓ.சி. கேட்டதும் 1,180 ரூபாய் பாக்கி என்றார்கள். இடையில் இரண்டு முறை பற்று திரும்பியிருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 590, இரண்டுக்கும் சேர்த்து 1,180. கணக்கு சரியாகத்தான் இருந்தது, கட்டினார். சில நாளில் என்.ஓ.சி. தபாலில் வந்தது. அதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, ஆர்.சி.யில் இருக்கிற பேங்க் வேற, இந்த லெட்டர் கொடுத்த பேங்க் வேற. வண்டி நம்பரும் இதில் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அந்த ஒரு தாளில் மூன்று கோளாறுகள் இருந்தன.

முதல் கோளாறு, பதிவு எண் இருக்க வேண்டிய இடம் காலி. கடன் கொடுக்கும்போது வண்டிக்கு நம்பரே கிடையாது. டீலரின் பில்லில் இருக்கும் சேசிஸ், என்ஜின் எண்களைத்தான் வங்கி தன் கணினியில் ஏற்றும். நம்பர் வந்தபிறகு ஆர்.சி. நகலை யாராவது வங்கிக்குக் கொடுத்தால்தான் பதிவு எண் ஏறும். டீலர் கொடுப்பார் என்று நாம் இருப்போம், நாம் கொடுப்போம் என்று டீலர் இருப்பார். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.சி. நகலைக் கிளையில் கொடுத்துப் பதிவு எண்ணை ஏற்றச் சொல்லி, அது ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது, வங்கியின் பெயர். கடன் கொடுத்த வங்கி 2020இல் இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது. ஆர்.சி.யில் பழைய பெயர், என்.ஓ.சி. புது வங்கியின் தாளில். இது நிறையப் பேருக்கு நடக்கிற விஷயம். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஓரியண்டல் வங்கியும் யுனைடெட் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியோடும் இணைந்தன. அதற்கு ஓராண்டு முன்பு விஜயா, தேனா வங்கிகள் பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. உங்கள் ஆர்.சி.யில் இந்தப் பழைய பெயர்களில் ஒன்று இருந்தால், என்.ஓ.சி.யில் ‘முன்பு இன்ன வங்கி, இன்ன தேதியில் எங்களோடு இணைந்தது’ என்ற வரி வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். தனிக் கடிதமாகக் கொடுத்தாலும் போதும், அதில் உங்கள் கடன் எண்ணும் வண்டி எண்ணும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிதி நிறுவனம் தன் கடன்களை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது கோளாறு, கவுன்டரில் இருந்தவர் கண்ணிலேயே படாதது. சேசிஸ் எண்ணில் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து O அடித்திருந்தது. காரின் சேசிஸ் எண் 17 இலக்கங்கள் கொண்டது. அதில் I, O, Q என்ற மூன்று எழுத்துகளும் வராது, ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பிவிடும் என்பதற்காகவே விட்டுவிட்டார்கள். ஆகவே என்.ஓ.சி.யின் சேசிஸ் எண்ணில் O என்ற எழுத்தைப் பார்த்தால் அது தட்டச்சுப் பிழை, சந்தேகமே வேண்டாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தாளில் பேனாவால் திருத்தி முத்திரை குத்தித் தருகிறேன் என்பார்கள். திருத்தலில் கையெழுத்து இருந்தாலும், புதுத் தாள் கேட்பதே நல்லது.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். ஆர்.சி.யில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், ஆதாரில் அப்பா பெயரே முழுதாக. வங்கித் தாளில் ஆர்.சி.யில் இருக்கிறபடியே பெயர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஆதார் தொல்லை அடுத்த கட்டத்தில் வரும்.

படிவம் 35ஐ நிரப்பும்போது

மிகச் சிறிய படிவம். நாங்கள் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆர்.சி.யில் உள்ள குறிப்பை ரத்து செய்யவும் என்பதுதான் மொத்தச் சங்கதி. கீழே உரிமையாளர் கையெழுத்து ஒரு பக்கம், வங்கியின் கையெழுத்து ஒரு பக்கம்.

படிவத்தில் ஹயர் பர்ச்சேஸ், லீஸ், ஹைப்பாதிகேஷன் என்று மூன்றும் அச்சாகியிருக்கும். முதல் இரண்டையும் அடித்துவிட்டு ஹைப்பாதிகேஷனை மட்டும் விட வேண்டும். இரண்டு பிரதிகள் வேண்டும். வண்டியை முதலில் பதிவு செய்த அலுவலகம் ஒன்று, இப்போது பதிவு இருக்கும் அலுவலகம் வேறு என்றால் மூன்று. எல்லாப் பிரதியிலும் வங்கியின் அசல் கையெழுத்து இருக்க வேண்டும், நகல் எடுத்த கையெழுத்து எடுபடாது. உங்கள் கையெழுத்து ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கும் பழைய கையெழுத்தைப் போல இருக்கட்டும்.

ஏஜென்ட் மூலம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்கு ஏஜென்ட் தேவையில்லை என்பதே என் கருத்து. நேரமில்லாமல் கொடுத்தால், எந்தப் படிவத்தில் கையெழுத்து கேட்கிறார் என்று பாருங்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டும் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்கானவை. ‘எதற்கும் இருக்கட்டும் சார்’ என்று அவற்றை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஹெச்.பி. கேன்சலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

பரிவாகன் தளத்தில் விண்ணப்பம்

உலாவியில் நீங்களே parivahan.gov.in என்று தட்டி உள்ளே போங்கள். தேடுபொறியில் வரும் விளம்பர இணைப்புகளையும் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளையும் தொடாதீர்கள், ஆர்.டி.ஓ. பெயரில் போலித் தளங்களும் போலிச் செயலிகளும் நிறையச் சுற்றுகின்றன. வாகனச் சேவைகள் பகுதியில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, பதிவு எண்ணைக் கொடுத்து, சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கொடுத்தால் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும்.

பலர் நின்றுபோகும் இடம் இது. ஓ.டி.பி. போவது ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கும் எண்ணுக்கு. அது நீங்கள் விட்டுவிட்ட பழைய எண்ணாக இருக்கலாம். வண்டி எடுத்தபோது ஷோரூம் ஊழியர் தன் எண்ணையே போட்டிருக்கவும் கூடும். அப்படியானால் முதலில் அதே தளத்தில் கைபேசி எண்ணைப் புதுப்பிக்கும் சேவைக்குப் போய் மாற்றிவிட்டு வர வேண்டும். அதற்குச் சேசிஸ் எண், என்ஜின் எண், பதிவுத் தேதி, ஆர்.சி. செல்லுபடியாகும் தேதி எல்லாம் கேட்கும், ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் சேவைகளின் பட்டியலில் ஹைப்பாதிகேஷன் என்ற சொல்லோடு சேர்க்க, தொடர, நீக்க என்று மூன்று வகை இருக்கும். நமக்கு வேண்டியது Hypothecation Termination. Continuation என்பது கடன் முடியாத நிலையில் உரிமை மட்டும் மாறும்போது பயன்படுவது; அவசரத்தில் அதை அமுக்கிவிட்டால் விண்ணப்பம் வேறு திசையில் போய்விடும்.

திரையில் வங்கியின் பெயரும் ஒப்பந்தத் தேதியும் ஏற்கெனவே நிரம்பி இருக்கும். அவை ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சில வங்கிகள் என்.ஓ.சி. விவரத்தைத் தங்கள் பக்கமிருந்தே இந்தத் தளத்துக்கு மின்னணு முறையில் அனுப்பிவிடும். உங்கள் வங்கி அப்படிச் செய்கிறதா என்று கிளையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செய்தால் அந்த விவரம் தளத்துக்கு வந்து சேர்ந்தபிறகு விண்ணப்பிப்பதுதான் சரி. இல்லையென்றால் நீங்களே என்.ஓ.சி., படிவம் 35, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸ் அல்லது புகைச் சான்று காலாவதியாகி இருந்தாலும், போக்குவரத்து அபராதம் நிலுவையில் இருந்தாலும் விண்ணப்பம் தடைபடலாம். ஆக முதலில் அவற்றை முடித்துவிடுங்கள்.

ஆதார் மூலம் சரிபார்த்து, அலுவலகத்துக்கே போகாமல் முடிக்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. 2021 மார்ச்சில் மத்திய அரசு இணையவழியில் தரலாம் என்று அறிவித்த 18 சேவைகளில் ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தைப் பதிவதும் நீக்குவதும் உண்டு. ஆனால் ஆதாரில் உள்ள பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். இனிஷியல் சிக்கல் தலைதூக்குவது இங்கேதான். பொருந்தவில்லை என்று திரை சொன்னால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆதார் வழியை விட்டுவிட்டு, நேரில் தாள்களைக் கொடுக்கும் வழியில் போங்கள். ஆதார் வழி விருப்பத்துக்குரியதுதான்.

கட்டணம் வண்டியின் வகையைப் பொறுத்து மாறும், தளமே கணக்கிட்டுக் காட்டும். பணம் கணக்கிலிருந்து போய் ரசீது வராவிட்டால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். நிலுவையில் உள்ள பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி தளத்தில் இருக்கிறது; சற்று நேரம் கழித்து அதில் பாருங்கள். முடிந்ததும் விண்ணப்ப எண்ணும் ரசீதும் வரும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், இனி எல்லாமே அதை வைத்துத்தான்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்

நேரில் கொடுப்பதானால் விண்ணப்ப அச்சுப்படி, ரசீது, என்.ஓ.சி., படிவம் 35 பிரதிகள், அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாளம் மற்றும் முகவரிச் சான்றின் நகல்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கோர்த்து எடுத்துப் போங்கள். உங்கள் வண்டியின் பதிவு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோகச் சாதாரணமாகத் தேவையில்லை, இது தாள் வேலை மட்டும். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக என்.ஓ.சி., ஏனென்றால் அது அங்கேயே தங்கிவிடும். ஆர்.சி. உள்ளே போவதால், அது திரும்பி வரும்வரை வண்டி ஓட்டும்போது விண்ணப்ப ரசீதும் டிஜிலாக்கர் ஆர்.சி.யும் கைபேசியில் இருக்கட்டும்.

இப்போது குடியிருக்கும் முகவரியும் ஆர்.சி. முகவரியும் வேறாக இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். புது ஆர்.சி. அஞ்சலில் வந்தால் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போகும். வீடு மாறியவர்கள் முகவரி மாற்றத்தையும் சேர்த்துச் செய்துவிடுவது மேல்.

விண்ணப்பத்தின் நிலையைத் தளத்திலேயே பார்க்கலாம். ஒரே இடத்தில் நீண்ட நாள் நின்றிருந்தால், ஏதோ ஒரு தாளில் குறை கண்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். விண்ணப்ப எண்ணோடு நேரில் போய், என்ன குறை என்று குறிப்பாகக் கேளுங்கள். சித்தப்பாவுக்குப் புது என்.ஓ.சி. வந்தபிறகு ஒரு கேள்வியும் எழவில்லை.

வங்கி இழுத்தடித்தால்

இங்கே உங்கள் பக்கம் வலுவான விதி ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தனிநபர் கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள், கடன் கொடுத்த நிறுவனம் தன்னிடம் உள்ள அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, எந்தப் பதிவகத்திலும் தன் பெயரில் உள்ள ஈட்டுப் பதிவை நீக்க வேண்டும். தாமதம் அந்த நிறுவனத்தால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. வங்கிகளுக்கு மட்டுமல்ல, வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடன் தனிநபர் கடன் என்ற வகைக்குள்தான் வருகிறது. தொழிலுக்கு எடுத்த லாரி, டாக்சி கடன் இந்தக் கணக்கில் சேராது.

ஆர்.சி.யில் குறிப்பை நீக்க நம் கையெழுத்தும் வேண்டும் என்பதால், நாம் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு வங்கியிடம் இழப்பீடு கேட்க முடியாது. வங்கியின் பங்கு என்.ஓ.சி.யும் படிவம் 35உம். அவற்றை 30 நாளுக்குள் கொடுக்கவில்லை என்றால், அல்லது பிழையோடு கொடுத்துத் திருத்தித் தர மறுத்தால், அதுதான் தாமதம். இதை நிரூபிக்கத் தேதி வேண்டும். ஆகவே என்.ஓ.சி.யைத் தொலைபேசியில் கேட்காமல், கடைசித் தவணை போன தேதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

‘என் கார் கடன் எண் இன்னது, கடைசித் தவணை இன்ன தேதியில் செலுத்தப்பட்டது, நிலுவை ஏதுமில்லை. வண்டிப் பதிவு எண் இன்னது, சேசிஸ் எண் இன்னது. இவை இரண்டும் குறிப்பிடப்பட்ட என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதிகளும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆர்.சி. நகல் இணைத்திருக்கிறேன்.’

பதில் இல்லை அல்லது மழுப்பலான பதில் என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். வங்கியில் முதலில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என்.ஓ.சி.யை நாமே தொலைத்துவிட்டால் அது வேறு விஷயம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிந்து, அந்த நகலோடு வங்கியில் டூப்ளிகேட் கேட்கலாம்.

புது ஆர்.சி. கைக்கு வந்தபின்

முதலில் அட்டையில் வங்கியின் பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த ஆர்.சி.யை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பழைய பிரதி பழைய விவரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். புதிதாக இறக்கியதிலும் வங்கியின் பெயர் இருந்தால் தரவுத்தளத்தில் மாற்றம் ஏறவில்லை, உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். முழுக் காப்பீட்டு பாலிசியை எடுத்துப் பாருங்கள், அதிலும் வங்கியின் பெயர் இருக்கும், ஐ.எம்.டி. 7 என்ற ஒப்புதல் குறிப்போடு. வண்டி திருட்டுப்போனாலோ திருத்த முடியாதபடி நொறுங்கினாலோ இழப்பீட்டுத் தொகை அந்த வங்கிக்குத்தான் முதலில் என்பது அதன் பொருள். கடனே இல்லாத நிலையில் அந்தக் குறிப்பு இருந்தால், இழப்பீடு கேட்கும் நேரத்தில் மறுபடி வங்கிக் கடிதத்துக்காக ஓட வேண்டியிருக்கும். புது ஆர்.சி. நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, வங்கியின் பெயரை நீக்கிய ஒப்புதல் தாளை வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், புதுப்பிக்கும் தளம் பழைய விவரத்தையே இழுத்துக்கொண்டு வந்து மறுபடி வங்கியின் பெயரைப் போட்டுவிடும். புதுப்பிக்கும்போது ‘கடன் உண்டா’ என்ற கேள்விக்கு எதிரே இருக்கும் குறியை ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, ஒன்றிரண்டு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் அறிக்கையைப் பாருங்கள். அந்தக் கடன் ‘Closed’ என்று இருக்க வேண்டும். ‘Settled’ என்று இருந்தால் நீங்கள் முழுத்தொகையைக் கட்டாமல் பேரம் பேசி முடித்ததாக அர்த்தமாகிவிடும். அப்படி இருந்தால், வங்கியிடம் வாங்கிய கணக்கு மூடிய கடிதத்தை இணைத்து வங்கிக்கும் கிரெடிட் நிறுவனத்துக்கும் திருத்தம் கேட்டு எழுதுங்கள். தானியங்கிப் பற்றுக்குக் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் நெட் பேங்கிங்கில் பார்த்து, இருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.